மணிக்கு நாலரையா, நாலாயிரத்து ஐந்நூறா?

"மேடம், நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறேன். மி.கி.யும் மைக்ரோகிராமும் கலந்து வந்தால் என் விடை ஆயிரம் மடங்கு தப்பிவிடுகிறது. தப்பு என்று பரீட்சை ஹாலிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?"
- மாணவி, அம்பாசமுத்திரம்

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 60 கிலோ நோயாளி. கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் டோபமின் போக வேண்டும். 200 மி.கி. ஆம்ப்யூல் ஒன்றை சலைனில் கலந்து மொத்தம் 50 மி.லி. ஆக்கியிருக்கிறார்கள். பம்ப்பை மணிக்கு எத்தனை மி.லி.யில் வைப்பது?

எதையும் பெருக்கும் முன் மி.கி.யை மைக்ரோகிராமாக மாற்றிவிடுங்கள். நடுவழியில் மாற்றப் போனால்தான் சறுக்கும். 200 மி.கி. என்பது 2,00,000 மைக்ரோகிராம், 50 மி.லி.யில் என்றால் மி.லி.க்கு 4,000. தேவையானது நிமிடத்துக்கு 5 × 60 = 300, மணிக்கு 18,000. அதை 4,000-ஆல் வகுத்தால் 4.5 மி.லி.

இப்போது விடையைச் சிரிஞ்சில் வைத்துப் பாருங்கள். மணிக்கு 4.5 என்றால் 50 மி.லி. சிரிஞ்ச் சுமார் 11 மணி நேரம் ஓடும். வார்டில் நடக்கிற விஷயம்தான். ஆயிரம் மடங்கு தப்பி 4,500 வந்திருந்தால் மணிக்கு 90 சிரிஞ்ச் மாட்ட வேண்டும். நிமிடத்தை மணியாக்க மறந்து 0.075 வந்திருந்தால் ஒரே சிரிஞ்ச் கிட்டத்தட்ட 28 நாள் ஓடும்!

பஸ் ஸ்டாண்டு பக்கம் கோச்சிங்காரர்கள் விற்கும் கைடுகளில் ஒரு குறுக்கு வழி இருக்கும்: "எத்தனை மைக்ரோகிராமோ அத்தனை மி.லி." எடையை 3-ஆல் பெருக்கி, அத்தனை மி.கி.யை 50 மி.லி.யில் கலந்தால் மட்டுமே அது சரி. 60 கிலோவுக்கு அது 180 மி.கி. நம் கணக்கில் இருப்பதோ 200. கைடை நம்பினால் 5 என்று குறிப்பீர்கள். நான் சொன்ன சிரிஞ்ச் சோதனையிலும் இந்தத் தப்பு சிக்காது, கணக்கைப் போட்டால்தான் தெரியும். காசு வாங்குகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் அச்சடிக்க மாட்டார்கள். சாய்ஸில் அலகு போடாமல் வெறும் எண்ணை அச்சடிக்கிற வினாத்தாள்காரர்களை என்ன சொல்வது? ஓ.எம்.ஆர். தாளும் நீங்கள் போட்ட வழியைப் பார்ப்பதில்லை.

ஒரு ஊசிக்கு ஒன்றிரண்டு ஆம்ப்யூலுக்கு மேல் வந்தால் சந்தேகப்படுங்கள் என்று என் மாணவிகளிடம் சொல்வேன். அட்ரோபின் இதற்கு விலக்கு. நம் பக்கத்து வயல்காட்டு ஊர்களிலிருந்து பூச்சிமருந்து குடித்தவர்களைத் தூக்கி வருவார்களே, அது ஆர்கனோபாஸ்பேட் என்றால் முதலிலேயே 3 மி.கி. போடச் சொல்லலாம். ஆம்ப்யூலில் 0.6 மி.கி.தான் இருக்கும். அப்படியென்றால் ஐந்து. ஐந்து நிமிடத்தில் நெஞ்சுச் சளிச் சத்தம் அடங்காவிட்டால் அடுத்தது இரட்டிப்பு, அதாவது பத்து. வினாத்தாளில் பத்து ஆம்ப்யூல் என்று வந்தால் பதறி அடிக்காதீர்கள், மருந்தின் பெயரையும் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதையும் மறுபடி படியுங்கள்.