இந்திய பாலிசியில் அம்மாவுக்கு சிங்கப்பூரில் ஆபரேஷன்: அனுமதி, விகிதம், ரசீது

கேள்வி: அப்பாவுக்கு சிங்கப்பூரில் ஆபரேஷன் செய்யலாம் என்று இருக்கிறோம். இந்தியாவில் எடுத்த மெடிக்கல் பாலிசியில் வெளிநாட்டு சிகிச்சையும் உண்டு என்று போட்டிருக்கிறது. முன் அனுமதி எப்படி வாங்குவது, பணம் எந்த விகிதத்தில் திரும்ப வரும், என்னென்ன ரசீது வைத்துக்கொள்ள வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

2025 ஆகஸ்டில் அம்மாவுக்கு இதய வால்வு மாற்று ஆபரேஷன் சிங்கப்பூரில் நடந்தது. சென்னையிலேயே செய்திருக்கலாம், செலவும் குறைந்திருக்கும். ஆனால் அக்கா அங்கே இருக்கிறாள், ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பாலிசியிலும் இடம் இருந்தது. அதனால் போனோம். பாலிசி என் பெயரில், அம்மா அதில் ஒரு உறுப்பினர். இந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

முதலில் பாலிசி வாசகத்தை எடுத்து, 'வெளிநாட்டில் அவசர சிகிச்சை' என்று இருக்கிறதா, 'வெளிநாட்டில் திட்டமிட்ட சிகிச்சை' என்று இருக்கிறதா பாருங்கள். பல பாலிசிகளில் முதலாவது மட்டும்தான் உண்டு. போன இடத்தில் மயங்கி விழுந்தால் தருவார்கள், ஆபரேஷனுக்கென்றே விமானம் ஏறினால் தரமாட்டார்கள். எங்களுடையதில் இரண்டாவதும் இருந்தது, ஆனால் நிபந்தனைகளோடு: நோய் இந்தியாவில் கண்டறியப்பட்டிருக்க வேண்டும், அட்மிட் ஆகும் சிகிச்சைக்கு மட்டும், முன் அனுமதி இல்லாவிட்டால் ஒரு பைசா கிடையாது. அதனால் எக்கோ, ஆஞ்சியோ எல்லாவற்றையும் சென்னையிலேயே முடித்து, இங்குள்ள இதய டாக்டரிடம் 'வால்வு மாற்ற வேண்டும்' என்று தேதியோடு கடிதம் வாங்கிக்கொண்டோம். அங்கே போய் வெளிநோயாளியாக டெஸ்ட் எடுத்திருந்தால் அந்தச் செலவு முழுக்க எங்கள் தலையில்தான்.

அனுமதிக்கு அனுப்பிய முதல் மதிப்பீடு திரும்பி வந்துவிட்டது. மருத்துவமனை கொடுத்த தாளில் 'இதய அறுவை சிகிச்சை, 72,000 சிங்கப்பூர் வெள்ளி' என்று ஒரே வரிதான் இருந்தது. இங்கே இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டது வேறு: எந்த வால்வு, என்ன வகை வால்வு, ஐசியூவில் எத்தனை நாள், வார்டில் எத்தனை நாள், சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து டாக்டர் கட்டணம், வால்வின் விலை, எல்லாம் தனித்தனியாக. சிங்கப்பூர் தனியார் மருத்துவமனைகளில் டாக்டர் கட்டணமும் மருத்துவமனைக் கட்டணமும் வேறு வேறு. சில நேரம் டாக்டரின் கிளினிக்கிலிருந்தே தனி பில் வரும். மதிப்பீட்டில் டாக்டர் கட்டணம் சேராமல் போனால், அனுமதித் தொகையிலும் அது இருக்காது. அங்கே 9% ஜிஎஸ்டி வேறு உண்டு, மதிப்பீட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரித்து வாங்கி மறுபடி அனுப்பி, அனுமதி வர 9 வேலை நாள் ஆனது.

வந்த அனுமதிக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். 'கேஷ்லெஸ்' என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கடிதத்தில் இருந்ததோ 'சிகிச்சை ஏற்கப்பட்டது, திரும்பப் பெறும் முறையில்'. அதாவது நாம் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியின் வெளிநாட்டு உதவி நிறுவனம் கொடுக்கும் உத்தரவாதக் கடிதத்தை அந்த மருத்துவமனை ஏற்காது என்பதுதான் காரணம். இதை டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

கடிதத்துக்கு 30 நாள் கெடு இருந்தது. அங்கே போன பிறகு சர்ஜன், 'முதலில் பல் டாக்டரிடம் காட்டி வாருங்கள்' என்றார். வால்வு ஆபரேஷனுக்கு முன் பல்லில் தொற்று இருக்கக் கூடாதாம், கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்கார்ந்துவிடும். அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சீழ் பிடித்திருந்தது. பிடுங்கி, ஆறி, தேதி பத்து நாள் தள்ளிப்போனது. கெடு தாண்டிவிட்டது. நல்லவேளை அக்கா கவனித்தாள். ஈமெயிலில் காரணம் சொல்லி, சர்ஜனின் குறிப்பை இணைத்து, நீட்டிப்பு வாங்கிய பிறகுதான் அட்மிட் செய்தோம்.

சரி, பணம். இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

அட்மிஷனுக்கு முன் 60,000 வெள்ளி முன்பணம் கேட்டார்கள். 'என் கணக்குக்கு அனுப்பிவிடு, நான் கட்டிவிடுகிறேன்' என்றாள் அக்கா. சுலபமாகத்தான் தெரிந்தது. வங்கியில் இருந்த ஒரு நல்ல மனிதர் தடுத்தார். அக்கா கணக்குக்கு அனுப்பினால் அது நெருங்கிய உறவினர் பராமரிப்பு என்ற கணக்கில் போகும். ஒரு நிதியாண்டில் 10 லட்ச ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு அப்போது 20% டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் வரி. நேராக மருத்துவமனைக்கு, சிகிச்சை என்ற காரணத்தோடு அனுப்பினால் அப்போது 5% தான். அன்று வங்கி சொன்ன விகிதம் வெள்ளிக்கு 69.30 ரூபாய். 60,000 வெள்ளிக்கு 41,58,000 ரூபாய். 10 லட்சம் போக மீதி 31,58,000. அதில் 5% என்றால் 1,57,900, 20% என்றால் 6,31,600. இந்த வரியை வருமான வரிக் கணக்கில் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை கைப்பணம் முடங்கும், இன்சூரன்ஸில் கேட்கவும் முடியாது. (விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், அனுப்பும் அன்றைக்கு வங்கியில் கேளுங்கள்.)

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவத்தில் காரணக் குறியீடு S0304, அதாவது மருத்துவ சிகிச்சைக்கான பயணம். அதோடு மருத்துவமனையின் மதிப்பீட்டையும் கொடுத்தோம். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம் என்பதால் வரம்பு எங்களுக்குப் பிரச்சினையாக இல்லை. 'குறிப்பு' என்ற இடத்தில் அம்மா பெயரும் மருத்துவமனைப் பதிவு எண்ணும் போடச் சொன்னேன். இதை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பணம் யார் கணக்கில் வந்தது என்று அங்கே தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒரே ஒரு தவறு செய்தேன். வங்கிக் கட்டணம் யார் ஏற்பது என்ற இடத்தில் எல்லாம் அனுப்புபவரே ஏற்பது என்ற OUR போடாமல், இருவரும் பகிர்ந்துகொள்வது என்ற SHA என்று விட்டுவிட்டேன். வழியில் இருந்த இடைவங்கி 25 வெள்ளியை எடுத்துக்கொண்டது. மருத்துவமனை ரசீதில் 59,975, என் வங்கித் தாளில் 60,000. இந்த 25 வெள்ளிக்கு விளக்கம் கேட்டு இன்சூரன்ஸிலிருந்து ஒரு கடிதம், அதற்கு ஒரு வாரம்.

இனி, எந்த விகிதத்தில் திரும்ப வரும்? பாலிசி ரூபாயில், கோரிக்கைத் தொகையும் ரூபாயில்தான் வரும். எங்கள் வாசகத்தில் 'மருத்துவமனைக்குப் பணம் கட்டிய தேதியில் ரிசர்வ் வங்கி வெளியிடும் விகிதம்' என்று இருந்தது. படிக்கும்போது தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ரிசர்வ் வங்கியின் சுட்டு விகிதப் பட்டியலில் அப்போது டாலர், பவுண்டு, யூரோ, யென் இருந்தன, சிங்கப்பூர் வெள்ளி இல்லை. போவதற்கு முன்பே ஈமெயிலில் கேட்டேன். டாலர் விகிதத்தை எடுத்து, அன்றைய டாலர்-வெள்ளி விகிதத்தால் வகுப்போம் என்று பதில் வந்தது. அந்தப் பதில் கையில் இருந்ததால் பின்னால் வாதாட வேண்டியிருக்கவில்லை. அவர்கள் கணக்கில் வெள்ளிக்கு 68.10 வந்தது. நான் கொடுத்தது 69.30. வங்கி தன் லாபத்தை வைத்துத்தான் விற்கும், சுட்டு விகிதத்தில் யாருக்கும் வெள்ளி கிடைக்காது. 60,000 வெள்ளிக்கு 1.20 ரூபாய் வீதம் 72,000 ரூபாய் போனது போனதுதான். வங்கியிடம் பேரம் பேசினால் இந்த இடைவெளி குறையும். பெரிய தொகை என்றால் பத்து இருபது பைசாவாவது குறைப்பார்கள். நான் அவசரத்தில் கேட்கவில்லை.

இறுதி பில் 69,400 வெள்ளி. மீதி 9,400 (அந்த 25 தனி) டிஸ்சார்ஜ் அன்று சனிக்கிழமை, இந்தியாவிலிருந்து அனுப்ப வழியில்லை. அக்கா தன் கார்டில் கட்டினாள். ரசீது அவள் பெயரில் வந்துவிட்டது. கோரிக்கையில் மாட்டியது இதுதான். 'பணம் கட்டியவர் பாலிசியில் இல்லை, செலவு உங்களுடையது என்பதற்கு ஆதாரம் என்ன?' என்றார்கள். நியாயமான கேள்விதான், கோபப்பட ஒன்றுமில்லை. மருத்துவமனையில் பேசி, 'இன்னார் சிகிச்சைக்காக, இன்னார் சார்பில் பெறப்பட்டது' என்று அம்மா பெயரும் பில் எண்ணும் போட்டு ரசீதை மாற்றி வாங்கினாள். அதோடு அவளுடைய கார்டு ஸ்டேட்மெண்ட், என் சார்பில் கட்டியதாக அவள் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். 60,000-க்கான பணம் முதலில் வந்தது, இந்த 9,400 ஐந்து வாரம் கழித்துத்தான் வந்தது. டிஸ்சார்ஜ் சனி, ஞாயிறில் இருக்கும் என்றால் இரண்டு நாள் முன்பே இடைக்கால பில் கேட்டு, மீதியையும் உங்கள் கணக்கிலிருந்தே அனுப்பிவிடுங்கள்.

ரசீது விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பில் என்பது இவ்வளவு கட்ட வேண்டும் என்கிற தாள், கட்டியதற்கு அது சாட்சி இல்லை. முன்பண ரசீதும் போதாது, ஏனென்றால் அதில் மீதி திரும்பியிருக்கலாம். அவர்களுக்கு வேண்டியது வரிவாரியான இறுதி பில், அதில் 'பாக்கி இல்லை' என்ற நிலை, ஒவ்வொரு தொகைக்கும் மருத்துவமனை ரசீது, அதற்கு நேராக உங்கள் வங்கியின் டெபிட் தாளும், பணம் அனுப்பியதற்கு வங்கிகளுக்கிடையே போன ஸ்விஃப்ட் செய்தியும். அந்தச் செய்தியை MT103 நகல் என்று கேட்டால் வங்கியில் கொடுப்பார்கள். தானாகக் கொடுக்கமாட்டார்கள்.

வால்வுக்கு ஸ்டிக்கர் உண்டு. வரிசை எண் போட்ட சின்ன ஒட்டுத்தாள். இங்கே பில்லோடு ஒட்டிக் கொடுப்பார்கள், அங்கே கேஸ் ஷீட்டில் ஒட்டி வைத்துக்கொண்டார்கள். டிஸ்சார்ஜுக்கு முன் நகல் கேட்டு வாங்குங்கள், ஊர் திரும்பிய பிறகு கேட்டு வாங்குவது பெரும்பாடு. அதேபோல் பாஸ்போர்ட்டில் சிங்கப்பூர் முத்திரை கேட்டார்கள். அங்கே இப்போது முத்திரை குத்துவதில்லை, ஈமெயிலில் இ-பாஸ் வருகிறது. அம்மாவின் இ-பாஸ் என் ஈமெயிலுக்கு வந்திருந்தது. இந்தியக் குடியேற்ற முத்திரையோடு சேர்த்து அதையும் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசியில் விருந்தாளி சாப்பாடு, டெலிபோன் என்று 310 வெள்ளி கழித்தார்கள். அது அக்கா அம்மாவுக்குத் துணையாக இருந்த நாட்களில் சாப்பிட்ட இட்லிக்கணக்கு. அதை நான் கேட்கவுமில்லை.