இருமொழி ஒப்பந்தம்: ஷரத்துக்கு ஷரத்து விலகுவது பற்றி

“பாளையங்கோட்டையில் டைப்பிங் சென்டர். கடை வாடகை ஒப்பந்தம், 14 ஷரத்து. வேர்டில் ஒரே டேபிள். இடது கட்டத்தில் இங்கிலீஷ், வலதில் தமிழ். 4-வது ஷரத்திலேயே விலகுது, 11 வரும்போது அரைப்பக்கம் இறங்கிடுது. என்டர் தட்டிச் சரிபண்ணினாலும் வேற கம்ப்யூட்டரில் கலையுது.”

அண்ணாச்சி, முதலில் அந்த வெற்று என்டர்களை எல்லாம் அழித்துவிடுங்கள். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் கூடுதல் வரி பிடிக்கும். 14 ஷரத்தும் ஒரே கட்டத்தில் இருந்தால் அந்தக் கூடுதல் சேர்ந்துகொண்டே போகும். ஃபான்ட் மாறினால் வரி உடையும் இடமும் மாறும். என்டர் கணக்கு அங்கே செல்லாது.

ஷரத்துக்கு ஒரு வரிசை போடுங்கள். கடைசிக் கட்டத்தில் Tab தட்டினால் புது வரிசை வரும். ஒவ்வொரு ஷரத்தையும் வெட்டி அதனதன் வரிசையில் ஒட்டுங்கள். எந்தப் பக்கம் நீளமோ அந்த உயரத்துக்கு வரிசையே விரியும்; அடுத்த ஷரத்து இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் தொடங்கும். Table Properties > Row பகுதியில் Specify height டிக்கை எடுத்துவிடுங்கள். அங்கே Exactly இருந்தால் தமிழின் கடைசி வரிகள் கண்ணில் படாமல் மறைந்துபோகும், பத்திரத்தில் அது ஆபத்து.

ஆட்டோ நம்பர் வேண்டாம். இரு பக்கமும் ஒரே பட்டியலாக இருந்தால் இங்கிலீஷுக்கு 1, தமிழுக்கு 2 என்று ஓடும். நடுவில் ஒடுக்கமாக ஒரு நெடுவரிசை சேர்த்து, இரண்டுக்கும் பொதுவாக எண்ணைக் கையால் அடியுங்கள்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியது உட்பிரிவு. 7-வது ஷரத்தில் ‘Provided that’ இங்கிலீஷில் தனிப் பத்தியாகவும், தமிழில் ‘ஆனால்’ என்று அதே பத்திக்குள்ளும் இருந்தால், இரண்டையும் 7-வது வரிசையிலேயே வையுங்கள். தனி வரிசை கொடுத்தால் தமிழின் 8 அங்கே ஏறி, மீதி எல்லாம் ஒரு படி தள்ளும். முடிவில் ஒரு பக்கம் காலிக் கட்டம் மிஞ்சினால் அதை அழிக்காதீர்கள். மொழிபெயர்ப்பில் ஒரு ஷரத்தே விட்டுப்போயிருக்கலாம்.