ஒரு ரிவ்யூவர் ஏற்கலாம் என்கிறார், இன்னொருவர் நிராகரிக்கச் சொல்கிறார்: எடிட்டரிடம் சில கேள்விகள்

ஆய்வு மாணவி: எழுதியவர் யார், மதிப்பிடும் ரிவ்யூவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைக்கும் டபுள் பிளைண்ட் இதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். ஒருவர் 'சிறு திருத்தம் போதும்' என்கிறார், மற்றவர் 'நிராகரிக்கலாம்' என்கிறார். இப்போது எடிட்டர் என்ன செய்வார்?

முதலில் அந்த இரண்டு பரிந்துரைகளையும் மூடி வைத்துவிட்டு, காரணங்களை மட்டும் படிப்பார். படிக்க வேண்டும். பல நேரம் இருவரும் முரண்படுவதே இல்லை, வெவ்வேறு பக்கத்தைப் பார்த்திருப்பார்கள்.

ஒரு கற்பனைக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். புதிய கற்பித்தல் முறை ஒன்று. 4 வகுப்புகள், வகுப்புக்கு 30 பேர், மொத்தம் 120 மாணவர்கள். இரண்டு வகுப்புகளுக்குப் புது முறை, இரண்டுக்குப் பழைய முறை. 120 பேரையும் தனித்தனி ஆட்களாக எண்ணிச் சோதித்ததில் t மதிப்பு 2.6, p மதிப்பு 0.01, அதாவது வேறுபாடு வெறும் தற்செயல் போலத் தெரியவில்லை. முதல் ரிவ்யூவர் அந்தப் பாடத்துறைக்காரர். கேள்வி புதிது, பாடத்திட்டம் நன்றாக இருக்கிறது, மேற்கோள்கள் சரி என்று நாலு வரி எழுதி 'சிறு திருத்தம்' போடுகிறார். இரண்டாமவர் ஒன்றரைப் பக்கம் எழுதி, ஒரே வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் ஒரே ஆசிரியரையும் ஒரே சூழலையும் பகிர்கிறார்கள், அவர்களைத் தனித்தனியாக எண்ணியது தவறு என்கிறார்.

எடிட்டர் இதைத் தானே சரிபார்க்கலாம். மதிப்பெண் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு வகுப்பால் வருகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு இவ்வளவுதான்: 1 + 29 × 0.2 = 6.8. 29 என்பது ஒரு மாணவரோடு அதே வகுப்பில் இருக்கும் மற்றவர்கள். 120-ஐ 6.8 ஆல் வகுத்தால், 120 பேர் தரும் தகவல் ஏறத்தாழ 18 தனி ஆட்கள் தரும் தகவலுக்குச் சமம். t மதிப்பை 6.8-இன் வர்க்கமூலமான 2.6 ஆல் வகுத்தால் 1-க்கு வந்துவிடுகிறது, அது தற்செயலாகவே வரக்கூடிய அளவு. கண்டுபிடிப்பு நிற்கவில்லை.

ஆக இரண்டாமவர் சொன்ன குறை உண்மை, கட்டுரையின் மையத்தைத் தொடுவது. அடுத்து எடிட்டர் கேட்பது, திருத்தினால் இது சரியாகுமா என்பது. முறைக்கு இரண்டே வகுப்புகள் இருக்கும்போது எந்தப் பகுப்பாய்வும் காப்பாற்றாது, புதிய வகுப்புகள் வேண்டும். அதனால் 'பெரிய திருத்தம்' என்று ஆறு மாதம் இழுத்தடிக்காமல், இப்போது நிராகரித்து, கூடுதல் வகுப்புகளோடு வந்தாலோ முன்னோட்ட ஆய்வு என்று உரிமைகோரலைச் சுருக்கினாலோ புதிதாக அனுப்பலாம் என்று எழுதுவதே நேர்மை. முதல் ரிவ்யூவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. அவர் பார்க்காத இடத்தில் ஓட்டை இருந்தது.

இன்னொருவர்: இவ்வளவு எதற்கு? மூன்றாவது ரிவ்யூவரைக் கேட்டால் 2–1 என்று முடிந்துவிடுமே.

பாதி சரி. மூன்றாமவரைக் கேட்பது வழக்கம்தான். ஆனால் இது வாக்கெடுப்பு அல்ல. மேலே உள்ள கட்டுரைக்கு இன்னொரு பாடத்துறைக்காரரைக் கேட்டால் அவரும் 'சிறு திருத்தம்' போடுவார், 2–1 என்று தவறான கட்டுரை அச்சாகும். மூன்றாமவரிடம் கட்டுரையோடு ஒரு குறிப்பான கேள்வியும் போக வேண்டும்: "வகுப்புவாரித் தொகுப்பைக் கணக்கில் எடுத்தால் முடிவு நிற்குமா?" எடிட்டரே தீர்க்கக்கூடிய தகராறுக்கு மூன்றாமவரைத் தேடுவது, கட்டுரை எழுதியவரின் சில வாரங்களை வீணாக்குவது.

மருத்துவ மாணவர்: டபுள் பிளைண்டில் போலி மாத்திரை வாங்கிய குழு எது என்று ரிவ்யூவருக்கும் தெரியாதா?

அது மருந்துச் சோதனை முறை. இங்கே மறைப்பது எழுதியவர் யார், மதிப்பிடுபவர் யார் என்பதை மட்டும்.

முதல் முறை அனுப்புபவர்: தலைப்புப் பக்கத்தில் பெயரை நீக்கிவிட்டேன். போதும்தானே?

போதாது. கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் உட்கார்ந்திருக்கும். நன்றியுரை, நிதி எண், ஒப்புதல் தந்த நெறிமுறைக் குழுவின் நிறுவனப் பெயர், 'எங்கள் முந்தைய ஆய்வில்' என்ற சொற்றொடர், இணைப்புக் கோப்புகள் எல்லாவற்றையும் பாருங்கள். சொந்த ஆய்வையும் அடுத்தவர் ஆய்வைப் போலவே மேற்கோள் காட்டுங்கள்.

கோபமாக ஒருவர்: எனக்கு இரண்டு ரிப்போர்ட்டும் சாதகம். எடிட்டர் நிராகரித்துவிட்டார். இது சர்வாதிகாரம் இல்லையா?

ரிவ்யூ படிவத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று எழுதியவருக்கு, மற்றொன்று எடிட்டருக்கு மட்டும். முதலில் இனிமையாக எழுதிவிட்டு, இரண்டாவதில் 'புதிதாக ஒன்றும் இல்லை' என்று முடிப்பவர்கள் உண்டு. அப்படியிருந்தால் அந்தக் காரணத்தின் சாரத்தை முடிவுக் கடிதத்தில் எடிட்டர் எழுதியாக வேண்டும். எழுதாமல் நிராகரித்தால் உங்கள் கோபம் நியாயம். மேல்முறையீடு செய்வதானால் ஒரு பக்கத்தில், உண்மைப் பிழையை மட்டும் காட்டுங்கள். 'இருவரும் பாராட்டினார்கள்' என்பது வாதமாகாது. மறுபடியும் சொல்கிறேன், இது வாக்கெடுப்பு அல்ல.

புள்ளியியல் கற்பிப்பவர்: வாக்கெடுப்பு இல்லை என்கிறீர்கள், சரி. ஆனால் டபுள் பிளைண்டில் எழுதியவர் பெயர் பெரும்பாலும் எடிட்டருக்குத் தெரியும். ரிப்போர்ட்டுகள் மோதும்போது முடிவு யார் கையில்? கண் கட்டப்படாத அந்த ஒருவர் கையில்! அப்புறம் மறைப்பு எதற்கு?

இந்தக் கேள்விக்கு முழு விடை என்னிடம் இல்லை. நீங்கள் சொல்வது முறையின் உண்மையான பலவீனம். ரிப்போர்ட்டுகள் ஒத்துப்போகும்போது எடிட்டரின் சாய்வுக்கு இடம் குறைவு, மோதும்போதுதான் அது நுழைகிறது. எடிட்டருக்கும் பெயரை மறைக்கும் இதழ்கள் உண்டு. அந்த வசதி இல்லாத இடத்தில், பெயர்ப் பக்கத்தைத் திறக்கும் முன்பே 'எந்தக் குறை முடிவைத் தீர்மானிக்கிறது' என்று எடிட்டர் இரண்டு வரி எழுதி வைக்கலாம். பெயரைப் பார்த்தபின் அந்த வரி மாறினால் தானே காரணம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோபக்காரர் மீண்டும்: பார்த்தீர்களா! அப்படியானால் ரிவ்யூவர்களின் எண்ணிக்கைக்கே கட்டுப்பட வேண்டும்.

புள்ளியியல் கற்பிப்பவர்: நான் அதைச் சொல்லவில்லை. அப்போது நிப்ஸ் என்று அழைக்கப்பட்ட நியூரிப்ஸ் என்ற இயந்திரக் கற்றல் மாநாட்டில் 2014-இல் 166 கட்டுரைகளை இரண்டு தனிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஏறத்தாழ கால்வாசிக் கட்டுரைகளில் இரு குழுக்களின் முடிவும் வேறுபட்டது. எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டால் எந்தக் குழு கிடைத்தது என்ற அதிர்ஷ்டத்துக்கும் சேர்த்துக் கட்டுப்படுகிறீர்கள்.

கால்வாசி என்பது குறைவாகத் தோன்றும். ஆனால் பெரும்பாலானவை எப்படியும் நிராகரிக்கப்படுபவை, அவற்றில் ஒத்துப்போவது எளிது. ஒரு குழு ஏற்றவற்றை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ பாதியை மற்ற குழு ஏற்கவில்லை. எடிட்டர் ரிப்போர்ட்டையும் கட்டுரையையும் தானே படித்தாக வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். அதனால் சாய்வு போய்விடும் என்று சொல்ல மாட்டேன்.

வேறொருவர்: இரண்டு ரிவ்யூவரும் மாற்றிச் சொன்னால் மூன்றாவது ஆளைக் கேட்கலாமா?

மேலே பாருங்கள்.

இன்னொருவர்: எழுதும் நடையை வைத்து ரிவ்யூவர் யாரென்று கண்டுபிடிக்கலாமா?

முயலாதீர்கள். தப்பான ஆளின் மேல் கோபப்படுவீர்கள்.

ஆய்வு மாணவி: திருத்தம் கேட்டு வந்த என் இன்னொரு கட்டுரையில், ஒருவர் முறையியல் பகுதியை விரிக்கச் சொல்கிறார், மற்றவர் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். எதைச் செய்வது?

இரண்டையும் அரைகுறையாகச் செய்யாதீர்கள், இருவருக்கும் பிடிக்காது. எடிட்டருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: "முதலாமவரின் 3-ஆம் குறிப்பும் இரண்டாமவரின் 5-ஆம் குறிப்பும் எதிரெதிர். விவரங்களை இணைப்புக் கோப்புக்கு மாற்றி, கட்டுரையில் சுருக்கம் தரலாம் என்று நினைக்கிறேன், சம்மதமா?" பதில் வந்ததும் பதிலுரையில் இரு குறிப்புகளுக்கும் கீழே அதே காரணத்தை எழுதுங்கள். பதிலுரைக் கோப்பின் பண்புகளிலும் பெயர் இருக்கும், நீக்குங்கள்.