கண்ணாடி வேர்க்குதுன்னு டபுள் கிளாஸ் போடணுமா?

கேள்வி: தண்டையார்பேட்டைல மூணாவது மாடி, ஏசி இல்ல. மார்கழி பொறந்ததுலேர்ந்து காலைல பெட்ரூம் ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் தண்ணியா வழியுது, பீரோ பின்னாடி சுவத்துல பூஞ்சை வேற. கொசுவுக்காக ஜன்னல மூடிட்டு நாலு பேர் படுக்கறோம், துணியும் அதே ரூம்லதான் காயுது. ஜன்னல் கடைக்காரர் டபுள் கிளாஸ் போட்டா சரியாயிடும்ங்கறார். போடலாமா சார்?

பதில்: இப்போதைக்கு வேணாம். தண்ணி உள்பக்கம் நிக்குதுன்னாலே அது உங்க ரூம் காத்துல இருந்து வந்த ஈரம்தான். (ஏசி ஓடுற வீட்ல வெளிப்பக்கம் வேர்க்கும், அது வேற கதை, ஏசிய 26ல வெச்சா குறைஞ்சிடும்.)

முதல்ல சில நூறு ரூபாய்க்கு கிடைக்கிற டிஜிட்டல் ஹியூமிடிட்டி மீட்டர் ஒண்ணு வாங்கி, ஜன்னல்லேர்ந்து தள்ளி வெச்சு, விடியக்காலைல ஜன்னல தொறக்கறதுக்கு முன்னாடி பாருங்க. 26 டிகிரி, 85 சதவீதம்னு காட்டுதுன்னு வெச்சுக்கோங்க. 100க்கு எத்தன சதவீதம் குறையுதோ அத அஞ்சால வகுங்க, இங்க 15, அதாவது 3 டிகிரி. 26ல 3 போனா 23. கண்ணாடி 23க்கு கீழ குளிர்ந்தா வேர்க்கும், அவ்ளோதான் கணக்கு. வெளிய 21, 22 இருக்கிற விடியல்ல ஒத்தக் கண்ணாடியும் அலுமினிய ஃபிரேமும் சுலபமா அங்க போயிடும்.

டபுள் கிளாஸ் போட்டா உள்பக்க கண்ணாடி அவ்ளோ குளிராது, வேர்க்கறது குறையும், நெஜம்தான். ஆனா ஈரம் எங்க போகும்? ரூம்லயேதான் இருக்கும், சாதா அலுமினிய ஃபிரேம்லயும் காத்தே படாத பீரோ பின்னாடியும் போய் உக்காரும், பூஞ்சையும் அப்படியே இருக்கும்.

மெஷின்ல பிழிஞ்ச ஒரு லோடு துணிலயே ஒண்ணு ரெண்டு லிட்டர் தண்ணி இருக்கும், நாலு பேர் ராத்திரி பூரா விடுற மூச்சும் வேர்வையும் சேர்ந்தா கிட்டத்தட்ட இன்னொரு லிட்டர். அதனால துணிய மொதல்ல பால்கனிக்கோ மொட்டமாடிக்கோ மாத்துங்க. அப்புறம் ஜன்னலுக்கு கொசுவலை, வெல்க்ரோ ஒட்டுறதே போதும், போட்டு ரெண்டு விரல்கட்டை தொறந்து வெச்சு படுங்க, ரூம் கதவும் கொஞ்சம் தொறந்திருக்கட்டும். வெளியவே 90 சதவீதம் ஈரமாச்சேன்னு யோசிக்காதீங்க, 22 டிகிரில 90ன்னா அதே கணக்குப்படி 20தான் வருது, உங்க ரூமோ 23, அதாவது ரூம் காத்த விட வெளிக்காத்துலதான் தண்ணி கம்மி.

ஸ்லைடிங் ஜன்னலோட கீழ் தண்டவாளத்துல வெளிப்பக்கம் சின்ன ஓட்டை இருக்கும், பெரும்பாலும் தூசி அடைச்சு தண்ணி தேங்கி நிக்கும், கம்பியால குத்தி விடுங்க. பீரோவ சுவத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளுங்க. ஈரம் உறிஞ்சுற டப்பா பீரோவுக்குள்ளதான் உதவும், ரூமுக்கு பத்தாது.

ரெண்டு வாரம் கழிச்சு மீட்டர் நல்லா இறங்கியும் சுவரு மட்டும் ஈரமாவே இருந்தா அது வேர்வை இல்ல, பைப்போ வெளிச்சுவர் விரிசலோ கசியுது, பிளம்பர கூப்பிடுங்க.