'தான்' படுத்தும் பாடு

ஐயா, எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ரவி ஒன்லி டோல்ட் மீ' என்றுதான் பிள்ளைகள் பேசுகிறார்கள். தவறுகளைக் கரும்பலகையில் ஒரு பக்கமும் சரியானவற்றை மறுபக்கமும் எழுதிப் பத்துப் பத்து முறை சொல்ல வைக்கிறேன். மறுநாளே பழையபடி பேசுகிறார்கள். வகுப்பில் தமிழே கூடாது என்று தடுத்துவிட்டால் இது சரியாகுமா?
– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தின் இரண்டாவது உதாரணம் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. முதலாவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 'ஹேவிங்' என்று சொல்லும் பிள்ளைக்கு இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள் என்பது கேட்கும் யாருக்கும் புரியும். அது செவியை உறுத்துமே தவிர, பொருளைக் கெடுக்காது. 'ஒன்லி' அப்படியல்ல.

நான் ஆசிரியரான முதல் ஆண்டில், நாளைக்கு விடுமுறை என்று யார் சொன்னார்கள் என ஒரு மாணவனைக் கேட்டேன். 'ரவி ஒன்லி டோல்ட் மீ சார்' என்றான். நானும் உங்களைப் போலவே, அவன் வாயை மூடுவதற்குள், 'ஒன்லி ரவி டோல்ட் மீ என்று சொல்' என்றேன். அவன் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பிறகு தயங்கி எழுந்து, 'இல்லை சார், அப்புறம் மணியும் சொன்னான்' என்றான். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவன் இலக்கணம் பிசகினாலும் உண்மையைச் சொல்லியிருந்தான். நான் திருத்திக் கொடுத்த வாக்கியம் இலக்கணத்தில் பிசகாமல் பொய்யாகியிருந்தது.

அவன் மனத்தில் இருந்தது 'ரவிதான் சொன்னான்' என்பது. அந்தத் 'தான்', சொன்னவன் இன்னான் என்று சுட்டுகிறது. வேறு எவரும் சொல்லவில்லை என்று கணக்கெடுப்பதில்லை. ஆங்கிலத்தின் 'ஒன்லி'க்கு அந்தக் கணக்கெடுப்பே வேலை. தமிழில் அந்த வேலையைச் செய்வது 'மட்டும்'. 'தான்' எப்போதும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவதால் பிள்ளைகள் 'ஒன்லி'யையும் பின்னால் ஒட்டிவிடுகிறார்கள்; நாமோ அதை முன்னுக்குத் தள்ளிவிட்டுத் திருத்தம் முடிந்தது என்று நினைக்கிறோம். இருந்த இடத்திலேயே விட்டாலும் தீராது. நம் பேச்சு பழகாத ஒருவர் 'ரவி ஒன்லி டோல்ட் மீ' என்பதை, ரவி என்னிடம் வெறுமனே சொன்னான், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஆகவே பத்து முறை ஒப்பிக்க வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது தொண்டைக்கு மட்டும் பயிற்சி. கரும்பலகையில் 'ரவிதான் சொன்னான்', 'ரவி மட்டும் சொன்னான்' என்ற இரண்டையும் தமிழிலேயே எழுதி, எந்த வாக்கியத்தைக் கேட்டால் மணி சொல்லவில்லை என்று உறுதியாகத் தெரிகிறது என்று கேளுங்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் விடை தெரியும், ஏனென்றால் அது அவன் மொழி. இரண்டாவது வாக்கியத்துக்கு மட்டும் 'ஒன்லி ரவி டோல்ட் மீ' என்று கொடுங்கள். முதலாவதற்கு 'ஒன்லி'யே வேண்டாம்: பேச்சில் 'ரவி' என்ற பெயரை அழுத்திச் சொன்னால் போதும், எழுத்தில் அழுத்தம் கேட்காது என்பதால் 'இட் வாஸ் ரவி ஹூ டோல்ட் மீ'.

தமிழைத் தடுக்கலாமா என்றல்லவா கேட்டிருந்தீர்கள்? தமிழைத் தடுத்துவிட்டு இந்தப் பாடத்தை எப்படி நடத்துவீர்கள், அம்மா? பிள்ளையின் வாயை மூடலாம். அவன் யோசிக்கும் 'தானை' எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பீர்கள்?

இந்த 'மட்டும்' சோதனை எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வாரமே ஒரு பிள்ளை உங்களை மடக்கிவிடும். 'நேற்றுதான் வந்தேன்' என்பதில் 'மட்டும்' பொருந்தாது. ஆனாலும் 'ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே' என்பது சரியான ஆங்கிலம், ஏனென்றால் அதற்கு முன் வரவில்லை என்பதே அங்கே பொருள். காலச்சொல்லோடு 'தான்' வந்தால் 'ஒன்லி'யை நகர்த்தினாலே பெரும்பாலும் போதும். 'இப்போதுதான்' மட்டும் விலக்கு; அதற்கு 'ஜஸ்ட் நவ்' இருக்கிறது. 'போகத்தான் வேண்டும்' என்பதிலோ 'ஒன்லி' எங்குமே வராது; 'ஐ ஹேவ் டு கோ' என்று 'ஹேவ்' மேல் அழுத்தம் விழும்.

பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிடாமல், காதில் விழுந்த 'ஒன்லி'களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்றை மட்டும் எடுத்து, சொன்னவர் பெயரைச் சொல்லாமல் பலகையில் எழுதி, 'இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். 'தான்' என்பார்கள் சிலர், 'மட்டும்' என்பார்கள் சிலர். அவர்கள் சண்டை போட்டு முடிக்கும்வரை நீங்கள் சுண்ணக்கட்டியைக் கையில் எடுக்க வேண்டாம்.