ஒரே வேலி, இரண்டு சட்டம்

அன்புள்ள சேர்,
முன்பு வாழ்க்கை முழுவதிலும் சமயம் கலந்திருந்தது, நவீன அரசு அதை மெல்ல விலக்கியது, மிஞ்சியதுதான் மதச்சார்பற்ற வெளி என்று படித்திருக்கிறேன். இலங்கையின் கிழக்கில் குடும்பச் சட்டம் மட்டும் ஏன் இன்னும் சமயத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது?
வாசகர், கல்முனை

அன்புள்ள தம்பிக்கு,

ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, ஒட்டப்பட்டது.

அக்கரைப்பற்றில் ஒரு வேலிக்கு இரு பக்கமும் எனக்குப் பழக்கமான இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று தமிழ் வீடு, மற்றது முஸ்லிம் வீடு. இரண்டிலும் பிள்ளையின் குலப்பிரிவான குடி தாய்வழியில்தான். மூத்த மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டு உறுதி அவள் பெயருக்குப் போகும், தாயும் தகப்பனும் பக்கத்து வளவில் அடுத்தவளுக்கு வீடு கட்டத் தொடங்குவார்கள். கோயில் நிர்வாகத்தில் குடியின் சார்பில் வண்ணக்கர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடியின் சார்பில் மரைக்காயர். இதில் எது சமயம், எது உலகியல் என்று பிரிக்க வேண்டிய தேவை அங்கே யாருக்கும் வரவில்லை.

அந்தத் தேவை அரசுக்கு வந்தது. ஒல்லாந்தர் காலத் தொகுப்பைத் திருத்தி, கொழும்புப் பகுதி முஸ்லிம்களுக்காக 1806இல் பிரித்தானியர் ஒரு சட்டக்கோவையை ஏற்றார்கள். 1852இல் அது தீவு முழுவதற்கும் நீட்டப்பட்டது. மட்டக்களப்புத் தமிழருக்கு இருந்த முக்குவர் சட்டமோ 'பிரதேச வழக்கம்' என்ற பெட்டியில் போடப்பட்டது. ஆணின் பரம்பரைச் சொத்தான முதுசொம் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை அது. 1876இன் திருமண உரிமை, மரபுரிமைச் சட்டம் வந்ததோடு அதன் கதை முடிந்தது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை தப்பியது, முஸ்லிம் சட்டமும் தப்பியது.

அந்த இரண்டு வீடுகளிலும் தகப்பன் உறுதி எழுதாமல் இறந்துவிட்டார் என்று வையுங்கள். தமிழ் வீட்டில் அந்த 1876இன் சட்டப்படி மனைவிக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் வீட்டில் 1931இன் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு மகளைப்போல் இரண்டு மடங்கு. இரண்டு வழக்கும் ஒரே மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகும். ஆனால் ஒன்று 'பொதுச் சட்டம்', மற்றது 'சமயச் சட்டம்'. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே அந்த வளவில் நடந்துவந்த முறை அல்ல. பொது என்று பெயர் பெற்றதும் வெளியிலிருந்து வந்ததுதான்.

ஆகவே சமயம் முன்பு எல்லாவற்றிலும் கலந்திருந்து, பிறகு அரசு அதை விலக்கியது என்ற கதை இங்கே பொருந்தாது. எது சமயம் என்று வரையறுத்ததே அரசு. அந்த வரையறைக்கு வெளியே விழுந்தது பொது ஆயிற்று. ஐரோப்பாவிலும் 'செக்யுலர்' என்ற சொல் முதலில் தேவாலயத்துக்குள்ளேயேதான் இருந்தது. மடத்து விதிக்குக் கட்டுப்படாமல் ஊருக்குள் இருந்து பணிசெய்த பாதிரியாரை அப்படி அழைத்தார்கள். அதை ஒரு கொள்கையின் பெயராக்கி 'செக்யுலரிசம்' என்றவர் ஆங்கிலேயரான ஹோலியோக், 1851இல். நம்முடைய 'மதம்' மட்டும் என்ன? நன்னூலில் எழுவகை மதம் என்று வருகிறதே, உடன்படல், மறுத்தல் என்று. அங்கே அதற்குப் பொருள் கொள்கை நிலை, அவ்வளவுதான்.

முஸ்லிம் தனியார் சட்டத்தைத் திருத்த வேண்டுமா என்ற விவாதத்திலும் இரு தரப்பும் அது ஆதியிலிருந்தே அப்படியே வந்தது என்று வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. அந்த வேலியோரத்து மூத்த மகளின் உறுதியை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.