இரண்டு வயதுப் பிள்ளையோடு டெல்லி ரயில்: பையில் என்ன வைப்பது?

"சென்ட்ரலில் ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், மூன்றாம் வகுப்பு ஏசி. பையனுக்கு இரண்டு வயது. இவ்வளவு தூரம் ரயிலில் போவது இதுதான் முதல் தடவை. என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?"

இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப் பகல். டெல்லியில் திறக்க வேண்டியதெல்லாம் பெட்டிக்குள் போகட்டும்; சீட்டுக்கு அடியில் தள்ளினால் இறங்கும்வரை அதைத் தொட வேண்டாம். வழிக்கு வேண்டியது ஒரு தோள்பையில்.

விளக்கை அணைத்தபிறகு இருட்டில் துழாவித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் சட்டை, கால்சட்டை, டயப்பர் மூன்றையும் ஒன்றாகச் சுருட்டி ஒரு கவரில் போடுங்கள். இப்படி நான்கு கவர், தனியாக ஆறு டயப்பர். நனைந்த துணி அதே கவருக்குள் திரும்பிப் போய்விடும். கம்பளி கொடுப்பார்கள், ஆனாலும் வீட்டில் அவன் போர்த்திக்கொள்ளும் துணி, முழுக்கைச் சட்டை, சாக்ஸ் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

"சின்ன கெட்டில் வாங்கிவிட்டேன். சார்ஜர் பிளக்கில் போட்டுப் பால் காய்ச்சலாம்தானே?"

கூடாது. அந்த பிளக் போனுக்கும் லேப்டாப்புக்கும்தான். கெட்டிலுக்குத் தடை இருக்கிறது. நல்ல பிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ந்தால் பேன்ட்ரியில் கேட்டு வாங்கலாம்.

பாலுக்கு 200 மில்லி டெட்ரா பாக்கெட். பிரிக்காதவரை ஃபிரிட்ஜ் வேண்டாம், பிரித்தால் ஒரே வேளையில் முடிந்துவிடும். லிட்டர் பாக்கெட் வாங்கினால் மிச்சத்தை வெயிலில் வைத்துக் கெடுப்போம். சாப்பாட்டுக்கு என் முதல் தேர்வு மெல்லிய அவல். இரண்டு பிடி அவலில் வெந்நீர் ஊற்றி மூடினால் பத்து நிமிடத்தில் குழைந்துவிடும். வெல்லத்தூளோ வாழைப்பழமோ சேர்த்துப் பிசையலாம். ஏறிய மறுநாள் காலைக்கு மட்டும் இட்லி. மதியத்துக்கு அதை வைத்திருக்க வேண்டாம்.

"நாங்கள் கோவைக்குப் பகல் ரயில். பாப்பாவுக்கு ஆறு மாதம், பவுடர் பால். எங்களுக்கும் இதே லிஸ்ட்தானா?"

அவ்வளவு வேண்டாம். ஒவ்வொரு வேளைக்கும் பவுடரை அளந்து தனித்தனி டப்பாவில் உலர்வாக வையுங்கள். பசிக்கும்போது சூடான வெந்நீரில் கலக்கி, ஆறவைத்துக் கொடுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

"டயப்பரை டாய்லெட்டிலேயே போட்டுவிடலாமே, தண்டவாளத்தில்தானே விழப்போகிறது?"

முன்பு அப்படித்தான் இருந்தது. இப்போது அடியில் பயோ டாய்லெட் தொட்டி. டயப்பர் போட்டால் அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். அதனால் செய்தித்தாளும் லிஸ்டில் உண்டு.

"என் மாமியார் தூளி கட்ட ஒரு பழைய சேலை வைக்கச் சொல்கிறார்."

சேலையை வையுங்கள்: விரிக்க, மறைப்புக்கு, எல்லாவற்றுக்கும் உதவும். தூளியாக நான் கட்டமாட்டேன். வண்டி குலுங்கும்போது பிள்ளை கம்பியில் இடித்துக்கொள்ளும், வழியும் அடைபடும். கீழ்ப்படுக்கையில் சுவரோரம் பிள்ளை, வெளிப்பக்கம் நீங்கள்.

"மூன்று பேரன்களையும் தூளியில்தான் கூட்டிப் போனாராம். ஒத்துக்கொள்ள மாட்டார்."

பகலில், பக்கத்தில் ஒருவர் பிடித்தபடியே இருந்தால் அவர் இஷ்டம். ராத்திரிக்கு என் பதில் மாறாது.